பாஸ் பேப்பர் செய்த மாதிரி ஒரு வேலையைப் பழகுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதிய யாருக்கும் இந்த முறை புதிதல்ல. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நோட்ஸ் கொப்பியை ஓரமாக வைத்துவிட்டு, பத்து வருடத்துப் பாஸ் பேப்பரை வாங்கி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு செய்து, பிறகு ஸ்கீமை எடுத்துத் திருத்தி, பிழைவிட்ட கேள்விகளை மட்டும் தனியாக எழுதிவைத்து, ஒரு கிழமை கழித்து அதையே திரும்பச் செய்து பார்த்திருப்போம். அதே ஆள் வேலைக்குச் சேர்ந்து எக்செல்லோ, கணக்கு மென்பொருளோ, சிங்களத்தில் கடிதம் எழுதுவதோ பழகவேண்டி வந்தால் இதை அப்படியே மறந்துவிடுகிறார். வீடியோ பார்க்கிறார், ஆறு மாதக் கோர்ஸில் சேருகிறார், வடிவான எழுத்தில் நோட்ஸ் எழுதுகிறார், சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால் அலுவலகத்தில் வெறும் ஷீட்டைத் திறந்துவைத்தால் கை ஓடுவதில்லை.

நான் கணக்குப் பகுதியில் இருக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவதும் என் வேலையில் ஒரு பங்கு. யாழ். நகரில் ஒரு ஹாட்வெயார் கடையின் கணக்கு வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னது இது: "அக்கா, வகுப்பில எல்லாம் விளங்கினது. இஞ்ச வந்து இருந்தா எங்க தொடங்கிறதெண்டே தெரியேல்லை." அவருக்கு மாத முடிவில் சம்பளப் பட்டியல் போடவேண்டியிருந்தது. அந்த ஒரு வேலையை வைத்தே முழு முறையையும் சொல்கிறேன். கணக்கே தெரியாதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம், கூட்டல் பெருக்கலைத் தாண்டி இதில் ஒன்றும் இல்லை.

விளங்கினதுக்கும் வருவதற்கும் உள்ள தூரம்

ஒருவர் செய்துகாட்டும்போது ஒவ்வொரு படியும் சரியென்று தெரிகிறது. "ஓம், இது எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் பொய்யில்லை, ஆனால் அது சொல்வது, பார்த்தால் அடையாளம் காணமுடியும் என்பதை மட்டும்தான். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து நாமே எடுத்து எழுதுவது வேறொரு திறமை, அதைத் தனியாகப் பழகவேண்டும்.

இதை ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு கட்டுரைப் பகுதியைத் திரும்பத் திரும்ப நாலு தடவை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, பிறகு மூன்று தடவை அதைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள், 83% அளவுக்கு நினைவில் இருந்தது, எழுதியவர்களுக்கு 71%. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 40%க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61%இல் நின்றார்கள். நமக்கு முக்கியமானது அந்த ஐந்து நிமிட முடிவு. வீடியோவை முடித்த கையோடு நம்மை நாமே சோதித்தால் எல்லாம் வந்துவிட்டது மாதிரித்தான் இருக்கும். மாத முடிவில் வேலை செய்கிற அன்று வருமா என்பதை அந்த நேரத்து உணர்வு சொல்லாது.

முதலில் வேலையைச் சின்னதாக வெட்டுங்கள்

"எக்செல் படிக்கவேண்டும்" என்பது பழகக்கூடிய ஒரு வேலை இல்லை, அதற்கு எல்லையே இல்லை. ஒன்றைத் தெரிவுசெய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: முடிவில் இன்னொருவர் கையில் கொடுக்கிற ஒரு பொருள் வரவேண்டும், அது சரியா பிழையா என்று யாராவது சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். "இந்த மாதச் சம்பளப் பட்டியலை முதலாளி கையெழுத்து வைக்கிற மாதிரிப் போட்டுக் கொடுப்பது" என்பதில் இரண்டும் இருக்கிறது. அதற்கு எக்செல்லில் என்ன தேவை என்று பின்னோக்கிப் பார்த்தால், பெருக்கல், கூட்டல், ஒரு செல்லை டொலர் குறி போட்டு நிலையாக வைப்பது, இன்னொரு ஷீட்டிலிருந்து சம்பளத்தை எடுக்கிற `VLOOKUP`, இவ்வளவுதான். கோர்ஸில் வருகிற வரைபடம், பிவட், மாக்ரோ எல்லாம் இப்போதைக்கு வெளியே.

எக்செல்லுக்கு வெளியே ஒரு பகுதி இருக்கிறது, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: சம்பளத்தின் விதி. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப்க்கு, ஊழியரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8% வெட்டப்படுகிறது, தொழில்தருநர் தன் பணத்திலிருந்து குறைந்தது 12% போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எஃப்க்கு இன்னொரு 3% தொழில்தருநரே போடுகிறார், அதை ஊழியரிடம் வெட்டக்கூடாது. ஓ.ரி. காசு இந்தக் கணக்கில் சேராது. வாழ்க்கைச் செலவுப்படி போன்ற சில படிகள் சேரும். நமது உதாரணத்தில் படிகள் இல்லை, அடிப்படைச் சம்பளமும் ஓ.ரி.யும் மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பாஸ் பேப்பர் உங்கள் அலுவலகத்திலேயே கிடக்கிறது

போன மாதச் சம்பளப் பட்டியல்தான் உங்கள் பாஸ் பேப்பர். அதில் கேள்வியும் இருக்கிறது, ஸ்கீமும் இருக்கிறது. பொறுப்பானவரிடம் கேட்டு ஒரு பிரதி எடுங்கள், எடுத்த உடனே பெயர்களை அழித்து இலக்கம் போடுங்கள், தொகைகளையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மற்றவரின் சம்பளம் உங்கள் பயிற்சிப் பொருளாக வீட்டுக்குப் போகக்கூடாது. தொகையை மாற்றியபின் எல்லா ஃபோர்முலாவும் சரியாக இருக்கிறதா என்று பழகிய ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதை இரண்டு ஃபைலாக்குங்கள். ஒன்றில் எல்லாம் இருக்கும், அது விடை. மற்றதில் ஃபோர்முலா உள்ள செல்கள் எல்லாவற்றையும் அழித்து, கொடுக்கப்பட்ட தரவை மட்டும் விட்டுவையுங்கள், அது கேள்வி.

முப்பது பேரையும் வைத்துத் தொடங்கவேண்டாம், மூன்று பேர் போதும். அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் வைத்த மூன்று வரி இப்படி இருந்தது. 101ஆம் ஆளுக்கு அடிப்படை 50,000 ரூபாய், ஓ.ரி. 3,600. 102க்கு 42,000, ஓ.ரி. இல்லை. 103க்கு 60,000, ஓ.ரி. 4,500. A நிரலில் இலக்கம், B இல் பெயர், C இல் அடிப்படைச் சம்பளம், D இல் ஓ.ரி., E இல் 8% வெட்டு, F இல் கைக்கு வருவது. வீதங்கள் மூன்றும் ஒரு ஓரமாக, K1 இல் 8%, K2 இல் 12%, K3 இல் 3%. அடிப்படைச் சம்பளம் `Staff` என்ற இன்னொரு ஷீட்டிலிருந்து வருகிறது. முதல் ஆளின் வரி இதுதான்:

```
C2:  =VLOOKUP(A2,Staff!$A$2:$C$40,3,FALSE)
E2:  =C2*$K$1
F2:  =C2+D2-E2
```

101க்கு வெட்டு 4,000, கைக்கு 49,600. மற்ற இருவருக்கும் வெட்டு 3,360, 4,800. கைக்கு 38,640, 59,700.

பார்க்கிற நேரமும் மூடுகிற நேரமும்

முதல் நாளே கேள்வி ஃபைலைத் திறந்து போராடவேண்டாம். ஒன்றுமே தெரியாத நிலையில் ஒருவர் தானாகக் கண்டுபிடிக்கப் போனால், தேடுகிறதிலேயே மூளையின் பலம் முழுக்கப் போய்விடுகிறது, படிக்க மிச்சம் இருப்பதில்லை. சுவெல்லரும் கூப்பரும் 1985இல் அட்சரகணிதம் படிக்கிறவர்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: தீர்த்துக் காட்டிய கணக்குகளை ஆராய்ந்த தொடக்கநிலை மாணவர்கள், எல்லாவற்றையும் தாங்களே தீர்க்கப்போனவர்களைவிடக் குறைந்த நேரத்தில் பழகினார்கள். அதனால் முதலில் விடை ஃபைல். ஆனால் சும்மா பார்ப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் நின்று ஒரு ஏன் கேட்டு, பதிலை வாய்விட்டுச் சொல்லவேண்டும். E2 இல் ஏன் C2 மட்டும் வருகிறது, C2+D2 ஏன் இல்லை? ஓ.ரி.க்கு ஈ.பி.எஃப் இல்லை. K1க்கு ஏன் டொலர் குறி? கீழே இழுக்கும்போது அது நகரக்கூடாது. F2 இல் 12% ஏன் கழிக்கப்படவில்லை? அது முதலாளியின் பணம். பதில் சொல்ல முடியாத செல் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு ஆளிடம் கேளுங்கள். இந்தக் கட்டம் நீளக்கூடாது, மூன்று வரிக்கு அரை மணித்தியாலம் தாராளம்.

அப்புறம் விடை ஃபைலை மூடுங்கள். பக்கத்தில் சின்னதாக்கி வைப்பது மூடுவது ஆகாது. கேள்வி ஃபைலைத் திறந்து மூன்று வரியையும் போடுங்கள். கட்டாயம் எங்கோ தடக்கும். தடக்கும் இடத்தில் உடனே விடையைத் திறக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் இருந்து, பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் நினைக்கிறதை எழுதுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் விடையைத் திறந்து அந்த ஒரு செல்லை மட்டும் பாருங்கள், மூடுங்கள், நீங்கள் எழுதியதை அழித்துவிட்டு ஞாபகத்திலிருந்து மீண்டும் எழுதுங்கள். இந்த முறையில் எந்த இடத்திலும் தளராத ஒரே விதி, பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யக்கூடாது என்பதுதான். பார்த்து அடித்தால் ஷீட் சரியாக வரும், நீங்கள் ஒன்றும் பழகியிருக்கமாட்டீர்கள், அதைவிட மோசம், பழகிவிட்டதாக நினைப்பீர்கள்.

வித்தியாசம்தான் பாடம்

போட்டு முடிந்ததும் விடையோடு ஒப்பிடவேண்டும், கண்ணால் இல்லை, கழித்து. உங்கள் தொகையிலிருந்து விடைத் தொகையைக் கழிக்கிற ஒரு நிரல் போட்டால், சரியான இடத்தில் பூச்சியம் வரும். பூச்சியம் வராத இடத்தில் வருகிற எண்ணை ஆறுதலாகப் பாருங்கள், என்ன நடந்தது என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

101இன் வெட்டில் 288 ரூபாய் கூட வந்தது என்று வைப்போம். 288 என்பது 3,600இன் 8%. அதாவது ஓ.ரி.யையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இது எக்செல் பிழையே இல்லை, விதி தெரியாத பிழை. இதற்கு ஃபோர்முலாவை நூறு தடவை எழுதிப் பயன் இல்லை, எது ஈ.பி.எஃப்க்குச் சேரும், எது சேராது என்று உட்கார்ந்து படிக்கவேண்டும்.

அடுத்தது அந்தத் தங்கச்சிக்கு உண்மையில் வந்த பிழை, தொடக்கத்தில் இருக்கிற பலருக்கும் வருவதும் கூட. E2 இல் `=C2*K1` என்று டொலர் இல்லாமல் எழுதிவிட்டுக் கீழே இழுத்தார். 101க்கு 4,000 சரியாக வந்தது. 102க்கு 3,360 வரவேண்டிய இடத்தில் 5,040 வந்தது, 103க்கு 4,800 வரவேண்டிய இடத்தில் 1,800. கீழே இழுத்தபோது K1 என்பது K2 ஆகி 12% எடுத்தது, பிறகு K3 ஆகி 3% எடுத்தது. நாலாவது ஆள் இருந்திருந்தால் K4 வெறுமையாக இருப்பதால் பூச்சியம் வந்திருக்கும், அப்போது எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று பேர் மட்டும் இருந்தபடியால் எல்லாமே பார்க்க நம்பும்படியான எண்களாக நின்றன. ஒரு ஷீட் பிழையே காட்டாமல் பிழையாக இருக்கலாம் என்பதை அன்று அவர் கண்ணால் கண்டார், எந்த வகுப்பிலும் அது அப்படிப் பதியாது. இது விதி தெரியாத பிழை இல்லை. ஏன் டொலர் வேண்டும் என்று அவர் காலையில்தான் எனக்கே சொல்லியிருந்தார். தெரிந்தது கைக்கு வரவில்லை. இதற்கு மருந்து, அந்தச் செல்லையே இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப எழுதுவது.

மூன்றாவது வகை சும்மா கைத்தவறு, 42,000ஐ 24,000 என்று அடிப்பது. இதற்குப் பயிற்சி கொஞ்சம்தான் உதவும், சரிபார்க்கிற ஒரு வரியை ஷீட்டிலேயே வைப்பதுதான் உதவும். இங்கே நல்ல ஒரு வழி இருக்கிறது. ஊழியரின் 8%ம் முதலாளியின் 12%ம் சேர்ந்துதான் ஈ.பி.எஃப்க்குப் போகிறது, ஆகவே அனுப்புகிற மொத்தத் தொகை மொத்த அடிப்படைச் சம்பளத்தின் 20% ஆக இருக்கவேண்டும். நமது மூன்று பேருக்கும் மொத்தம் 152,000, அதன் 20% 30,400. வெட்டின் கூட்டுத்தொகை 12,160, முதலாளியின் பங்கு 18,240, கூட்டினால் அதே 30,400. டொலர் விடுபட்ட ஷீட்டில் வெட்டின் கூட்டுத்தொகை 10,840 ஆகத்தான் வந்தது, இந்த வரி இருந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆனால் 42,000ஐயே பிழையாக அடித்திருந்தால் இந்த வரிக்கும் அது தெரியாது, அடிப்படைச் சம்பளத்தின் மொத்தத்தைப் போன மாதத்து மொத்தத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஒவ்வொரு பிழையையும் ஒரு கொப்பியில் ஒரே வரியில் எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன செய்திருக்கவேண்டும், மூன்று வகையில் எது. ஃபோர்முலாக்களின் பட்டியல் எழுதிவைக்கத் தேவையில்லை, அது இணையத்தில் எங்கேயும் கிடைக்கும். உங்கள் பிழைகளின் பட்டியல் வேறெங்கும் கிடைக்காது.

இடைவெளி

மூன்று வரியும் பிழையில்லாமல் வந்த அன்று இன்னும் பத்துத் தடவை செய்யவேண்டும்போல இருக்கும். நிறுத்துங்கள். அன்றைக்குச் செய்கிற பத்தாவது தடவையில் நீங்கள் ஞாபகத்திலிருந்து எடுப்பது ஒன்றும் இல்லை, ஒன்பதாவது தடவை இன்னும் கண்முன்னே நிற்கிறது. கொஞ்சம் மறந்தபிறகு இழுத்து எடுக்கும்போதுதான் அது நிலைக்கிறது.

வேலைத்திறன் சம்பந்தப்பட்ட ஒரு பழைய ஆய்வு இதற்கு நன்றாகப் பொருந்தும். பிரித்தானியத் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்கியபோது பாட்லியும் லாங்மனும் அவர்களை வெவ்வேறு நேரசூசிகளில் போட்டுப் பார்த்தார்கள், 1978இல் முடிவு வெளிவந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகியவர்கள் ஏறக்குறைய 35 மணித்தியாலத்தில் விசைகளைப் பழகிமுடித்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமாக இரண்டு தடவை, ஆக நாலு மணித்தியாலம் பழகியவர்களுக்கு அதே அளவுக்கு வர ஏறக்குறைய 50 மணித்தியாலம் எடுத்தது. நாட்களாகப் பார்த்தால் நாலு மணித்தியாலக்காரர்தான் முதலில் முடித்தார்கள், அதை மறைக்கக்கூடாது. நாளை மறுநாளே வேலை வேண்டுமென்றால் நெருக்கிப் பழகத்தான் வேண்டும். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளையைப் பார்த்து, மிச்சமிருக்கிற நேரத்தில் படிக்கிற ஒருவருக்கு மணித்தியாலம்தான் விலை கூடியது. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருந்தது: குறைந்த மணித்தியாலத்தில் பழகிய அந்த ஒரு மணித்தியாலக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியில் ஆகக் குறைந்த திருப்தியோடு இருந்தார்கள், மற்றவர்களைவிடப் பின்தங்குவதாக நினைத்தார்கள். இடைவெளி விட்டுப் பழகும்போது உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துபோய்த் தொடங்குவதால்.

நாங்கள் வைத்த ஒழுங்கு இதுதான்: முதல் நாள், மறுநாள், அதற்கு மூன்று நாள் கழித்து, அதற்கு ஒரு கிழமை கழித்து, பிறகு மாத முடிவில் உண்மையான வேலை. ஒவ்வொரு தடவையும் வெறும் ஷீட்டிலிருந்து, அரை மணித்தியாலத்துக்குள். தடக்காமல் வந்தால் அடுத்த இடைவெளியைக் கூட்டுங்கள், பாதிக்கு மேல் மறந்திருந்தால் குறையுங்கள். இதில் மந்திர எண் எதுவும் இல்லை. எவ்வளவு காலத்துக்கு நினைவில் வேண்டுமோ அதைப் பொறுத்து இடைவெளி நீளவேண்டும் என்பது மட்டும் தெளிவு. மாதம் ஒரு தடவை செய்கிற வேலைக்கு ஒரு மாத இடைவெளியைத் தாங்குகிற ஞாபகம் தேவை.

கேள்வியை மாற்றுங்கள்

மூன்றாவது தடவையிலிருந்து அதே மூன்று பேரை வைத்திருக்கக்கூடாது. வைத்திருந்தால் விடையே மனப்பாடமாகிவிடும், 49,600 என்று எண்ணைப் பார்த்தே சரி சொல்லிவிடுவீர்கள். பாஸ் பேப்பரிலும் இதே வருத்தம் உண்டுதானே, ஒரே பேப்பரை ஐந்து தடவை செய்த பிள்ளைக்குப் புதுக் கேள்வி வந்தால் கை நடுங்கும்.

தொகையை மாற்றுவது போதாது, உடையக்கூடிய இடத்தில் மாற்றுங்கள். 104 என்று ஒரு வரி சேருங்கள், ஆனால் `Staff` ஷீட்டில் 104 இல்லை, 103க்குப் பிறகு 105தான் இருக்கிறது. ஃபோர்முலாவில் `FALSE` இருந்தால் `#N/A` என்று வந்து, ஆளைக் காணவில்லை என்று சொல்லும். `FALSE` ஐ விட்டுவிட்டு எழுதியிருந்தால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துகிறதைத் தேடி, சத்தமில்லாமல் 103இன் 60,000ஐ எடுத்துப் போட்டுவிடும். இரண்டையும் செய்து பாருங்கள், `FALSE` எதற்கு என்று பிறகு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்புறம் மாதத்தின் நடுவில் சேர்ந்த ஒருவர், சம்பளமில்லாத லீவு எடுத்த ஒருவர். இவற்றுக்கு எக்செல்லுக்கு முதல் உங்கள் நிறுவனம் ஒரு நாள் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்கவேண்டி வரும். அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றுவதே பழக்கம் முன்னேறியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? ஒரு கிழமை தொடாமல் விட்டபிறகு, நீங்கள் பார்த்திராத தரவை இன்னொருவர் தர, வெறும் ஷீட்டிலிருந்து போட்டு, 20% பார்த்துச் சரிபார்க்கிற வரியும் ஒத்துவந்து, ஏதாவது ஒரு செல்லைக் காட்டி ஏன் என்று கேட்டால் தடக்காமல் சொல்ல முடிந்தால் அந்தத் துண்டு முடிந்தது. அடுத்த துண்டுக்குப் போங்கள், மாதாந்த ஈ.பி.எஃப் படிவத்துக்கான தொகைகளை எடுப்பதாக இருக்கலாம், அதற்கும் போன மாதத்துப் பிரதி கிடைக்கும்.

வேறு வேலைக்கு

கடிதம் எழுதுவதற்கும் இதே சுற்றுத்தான். வாடிக்கையாளருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நிலுவை கேட்டு எழுதவேண்டுமென்றால், அலுவலகத்தில் ஏற்கெனவே அனுப்பிய நல்ல கடிதம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வசனமும் என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு, கடிதத்தை மூடி, சில நாள் விட்டு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து நீங்களே எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடலாம். பெஞ்சமின் பிராங்ளின் இளம் வயதில் எழுத்துப் பழகியது ஏறக்குறைய இப்படித்தான், தன் வாழ்க்கை வரலாற்றில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால் கடிதத்தில் கழித்துப் பூச்சியம் பார்க்க முடியாது. உங்கள் வசனம் மூலத்திலிருந்து மாறியிருந்தாலும் சரியாக இருக்கலாம். அதனால் அந்த மொழி தெரிந்த ஒருவரின் கண் அங்கே கட்டாயம் தேவை.

கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளிப்பது, விலை பேசுவது போன்றவற்றில் இந்த முறை இன்னும் பலவீனம். அங்கே விடை ஃபைல் என்று ஒன்றே இல்லை, செய்தது சரியா என்று தெரிய மாதக்கணக்காகும், சிலவேளை தெரியாமலே போகும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று பழகுவதற்கு அங்கே மாற்று இல்லை.

விடை ஃபைலைப் பற்றியும் கடைசியாக ஒரு எச்சரிக்கை. போன மாதத்துப் பட்டியலிலேயே பிழை இருக்கலாம், வருடக்கணக்காக ஒருவர் ஓ.ரி.க்கும் சேர்த்து வெட்டியிருக்கலாம், அல்லது சேரவேண்டிய ஒரு படியை விட்டிருக்கலாம். நீங்கள் அதையே திரும்பத் திரும்ப ஒப்பிட்டால் அந்தப் பிழையையும் நன்றாகப் பழகிக்கொள்வீர்கள். ஆகவே விதி சம்பந்தப்பட்ட செல் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது ஷீட்டுக்கு வெளியே, தொழில் திணைக்களத்தின் அறிவுறுத்தலிலோ கணக்காய்வாளரிடமோ உறுதிப்படுத்துங்கள். வருமான வரி வீதங்கள் மாதிரி அடிக்கடி மாறுகிறவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அவற்றை K நிரலில் போட்டு, எந்தத் திகதியில் பார்த்து எடுத்தது என்று பக்கத்துச் செல்லில் எழுதிவைத்து, ஒவ்வொரு சம்பளத்துக்கு முன்னும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.